தலைச்சாயப் பெட்டியில் வாசனையும் பதனப் பொருளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மும்பை செம்பூரில் தோல் மருத்துவராக இருக்கிறேன். மாதுங்கா, சயான், தாராவி பக்கமிருந்து வரும் தமிழர்கள் தலைச்சாயம் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சாயத்தின் முக்கிய வேதிப்பொருளான பாராஃபீனிலீன்டயமீன் பற்றி, அதாவது எல்லோரும் பி.பி.டி. என்று சொல்வதைப் பற்றி, நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். அதே பெட்டிக்குள் இருக்கும் வாசனைப் பொருளையும், சரக்கு கெட்டுப்போகாமல் காக்கும் பதனப் பொருளையும் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. இந்தப் பக்கம் அவற்றைப் பற்றியது.

பி.பி.டி. இல்லாத சாயம்தான் வாங்கினேன். அப்படியும் காதோரம் தடித்து அரிக்கிறது. எப்படி?

இரண்டு வழிகளில் நடக்கலாம். பி.பி.டி.க்குப் பதிலாகப் போடும் டொலுவீன் டயமீன் அதன் நெருங்கிய உறவுப் பொருள். ஒன்றுக்கு ஒவ்வாமை உள்ளவர்களில் பலருக்கு மற்றதும் சேராது. அப்படியானால் குற்றம் இன்னமும் சாயத்தின் மேல்தான்.

இரண்டாவது வழியைத்தான் பலர் யோசிப்பதில்லை. உங்கள் உடல் வெறுப்பது நிறமாக இல்லாமல், அதோடு வரும் வேறொன்றாக இருக்கலாம். அப்படி இருந்தால், எத்தனை பிராண்டு மாற்றினாலும் அந்த வேறொன்று புதுப் பெட்டியிலும் இருக்கும். ‘அம்மோனியா இல்லை’, ‘பி.பி.டி. இல்லை’ என்று பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. மூன்று பிராண்டு மாற்றியும் அதே இடத்தில் அதே தடிப்பு வந்தால், எனக்கு முதலில் இந்தச் சந்தேகம்தான் எழும்.

சாயம் டியூபில்தானே இருக்கிறது? மற்றவை வெறும் துணைப் பொருள்கள்தானே?

ஒரு பெட்டியைப் பிரித்து மேசையில் பரப்பிப் பாருங்கள். நிறக் கிரீம் ஒரு டியூப். அதோடு கலக்கும் டெவலப்பர், அதாவது ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த திரவம், ஒரு குப்பி. பல பெட்டிகளில் அலசிய பிறகு தடவச் சிறிய கண்டிஷனர் பாக்கெட் ஒன்றும் இருக்கும். இந்த மூன்றும் மூன்று தனித்தனித் தயாரிப்புகள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பொருள் பட்டியல் உண்டு.

நிறக் கிரீமில் வாசனை அதிகமாகவே இருக்கும், அம்மோனியாவின் நெடியை மறைக்க வேண்டுமே. அதே கிரீமில் சாயம் டியூபுக்குள்ளேயே காற்றுப்பட்டுக் கறுத்துவிடாமல் தடுக்க சோடியம் சல்பைட் அல்லது சோடியம் மெட்டாபைசல்பைட் சேர்க்கிறார்கள். ஒவ்வாமையை ஆராயும் அமெரிக்கத் தொடர்புத் தோலழற்சிச் சங்கம் 2024-ஆம் ஆண்டின் கவனத்துக்குரிய ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது இந்த சல்பைட்டுகளைத்தான்.

மெத்தில்ஐசோதையசோலினோன் என்ற பதனப் பொருளின் கதை வேறு. கிருமி வளராமல் தடுக்கும் இந்தப் பொருளை அம்மோனியாவின் காரத்தன்மையும் சல்பைட்டும் சிதைத்துவிடும். ஆகவே பொதுவாக அதை நிறக் கிரீமில் போடுவதில்லை. அதை நான் தேடும் இடம் கண்டிஷனர் பாக்கெட்டும், பெராக்சைடு கலக்காமல் நேரடியாகத் தடவும் தற்காலிக நிறங்களும், ஷாம்புவும். சாயம் போட்டதால் வந்தது என்று நினைக்கும் தடிப்பு, சாயத்தை அலசிய பின் தடவிய கண்டிஷனரால் வந்ததாக இருப்பது இப்படித்தான்.

அவ்வளவு சிறிய அளவில் இருப்பது என்ன செய்துவிடும்?

ஐரோப்பாவின் அனுபவமே இதற்கு விடை. 2005-இல் மெத்தில்ஐசோதையசோலினோனை அழகுப் பொருள்களில் தனியாகப் போட அங்கே அனுமதி கிடைத்தது. உச்ச வரம்பு பத்து லட்சத்தில் 100 பங்கு. சில ஆண்டுகளிலேயே ஒவ்வாமை பரவலாகத் தெரியவந்தது. மேலே சொன்ன அமெரிக்கச் சங்கம் 2013-இல் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக இதைத்தான் அறிவித்தது. தோலில் தங்கும் பொருள்களில் இதைப் போட ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் தடை விதித்தது. கழுவிவிடும் பொருள்களுக்கு 2018 முதல் வரம்பு பத்து லட்சத்தில் 15 பங்கு. ஒரு கிலோ ஷாம்புவில் 15 மில்லிகிராம், ஏறக்குறைய நாலைந்து கடுகின் எடை. ஒருவருக்கு உணர்திறன், அதாவது ஒவ்வாமை, புதிதாக உண்டாகாமல் இருப்பதற்கான வரம்பு அது. ஏற்கெனவே உணர்திறன் வந்துவிட்டவரின் உடலுக்கு அதைவிடக் குறைந்த அளவும் போதுமானதாக இருக்கலாம்.

தடவியவுடன் எரிகிறது. இது ஒவ்வாமையா?

தடவிய சில நிமிடங்களில் எரிந்து, கழுவியதும் தணிந்து, மறுநாள் தடயம் இல்லாமல் போனால் அது பெரும்பாலும் எரிச்சல்தான். பெராக்சைடும் அம்மோனியாவும் யாருக்கும் அதைச் செய்யும், தலையில் கீறல் இருந்தால் இன்னும் அதிகமாக.

நான் இந்தப் பக்கத்தில் பேசும் ஒவ்வாமை தாமதமாக வரும். ஞாயிற்றுக்கிழமை சாயம் போட்டால் அன்று ஒன்றும் தெரியாது. திங்கள் இரவோ செவ்வாய்க் காலையோ அரிப்பு தொடங்கும். புதன், வியாழனில் தடிப்பும் நீர்க்கசிவும் உச்சத்துக்குப் போகும். இடையில் வேறு எதையாவது சாப்பிட்டிருப்பீர்கள், பழியும் அதன்மேல் போய்விடும். கத்தரிக்காயையும் கருவாட்டையும் மாதக்கணக்கில் ஒதுக்கிவைத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது வகை அபாயமானது. சாயமோ, முடியை வெளுக்கும் பிளீச் பொடியோ பட்ட சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் உடம்பெங்கும் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் வந்தால், உடனே 108-ஐ அழையுங்கள். பிளீச் பொடியில் உள்ள பெர்சல்பேட் உப்புகள் இதற்குப் பெயர்பெற்றவை. அந்த நேரத்தில் இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

தடிப்பு வந்த இடத்தை வைத்து ஏதாவது சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். தலைத்தோல் தடிமனானது. அதனால் காரணம் தலையில் இருந்தாலும் தண்டனையை அனுபவிப்பது நெற்றி ஓரம், கண்ணிமை, காது, பிடரி ஆகிய மெல்லிய இடங்கள்தான். கழுவும்போது நீர் வழிந்தோடும் பாதையில், காதுக்கு முன்னும் கழுத்தின் இருபுறமும் பட்டையாகத் தடிப்பு இருந்தால் ஷாம்பு, கண்டிஷனர் மேல் என் கண் போகும்.

இடத்தைவிட முக்கியமான துப்பு ஒன்று உண்டு. இரண்டு சாயங்களுக்கு இடைப்பட்ட வாரங்களில் தோல் முழுவதும் தெளிகிறதா, அல்லது லேசான அரிப்பு தொடர்ந்துகொண்டே இருக்கிறதா? சாயம் மாதம் ஒருமுறைதான் தலையைத் தொடுகிறது. தினமும் அரித்தால், தினமும் தொடும் ஏதோ ஒன்றும் அதில் கூட்டாளியாக இருக்கிறது.

இப்படிக் கண்டுபிடித்து யாருக்காவது சரியாகியிருக்கிறதா?

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மாதுங்காவில் வசிக்கும் 54 வயதுப் பெண்மணி. எட்டு ஆண்டுகளாக நான்கு வாரத்துக்கு ஒருமுறை வீட்டிலேயே சாயம் போடுகிறவர். கடைசி ஓராண்டாக, ஒவ்வொரு முறையும் மூன்றாம் நாள் நெற்றிப்பொட்டுகளிலும் காதுக்கு முன்னும் தடிப்பு. பி.பி.டி. இல்லாதது என்று மூன்று பெட்டிகள் மாற்றிவிட்டார். “டாக்டர், மகன் கல்யாணத்துக்கு நான் நரைத்த தலையோடுதான் நிற்க வேண்டுமா?” என்று கேட்டார். பேச்சுவாக்கில் வலதுகை விரல்களைக் காட்டினார். நுனிகள் வெடித்திருந்தன. பாத்திரம் தேய்ப்பதால் என்று அவரே காரணமும் சொன்னார். அந்த விரல்கள்தான் எனக்கு வழி காட்டின.

சந்தேகப் பொருள்களை முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்தோம். பி.பி.டி.க்கு எதிர்வினை இல்லை, டொலுவீன் டயமீனுக்கும் இல்லை. மெத்தில்ஐசோதையசோலினோன் வைத்த இடம் சிவந்து, தடித்து, சிறு நீர்க்கொப்புளங்களோடு தெளிவாகத் தெரிந்தது. வாசனைக் கலவை வைத்த இடத்தில் லேசான தடிப்பு.

அடுத்த முறை வரும்போது குளியலறையிலும் சமையலறைத் தொட்டியடியிலும் உள்ள எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னேன். மேசையில் கொட்டிப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தோம். நிறக் கிரீமின் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. அதே பெட்டியின் பக்கவாட்டில், கண்டிஷனருக்கென்று தனியாக அச்சிட்ட சிறு கட்டத்தில் கடைசிப் பெயராக இருந்தது. அவருடைய ஷாம்புவில் இருந்தது. பாத்திரம் துலக்கும் திரவத்திலும் இருந்தது.

சாயத்தை நான் நிறுத்தச் சொல்லவில்லை. சோதனையில் சாயப் பொருள்கள் தப்பிவிட்டதால், அதே டியூப் சாயத்தைத் தொடரச் சொல்லி, கண்டிஷனர் பாக்கெட்டைக் குப்பையில் போடச் சொன்னேன். ஷாம்புவையும் பாத்திரத் திரவத்தையும் மாற்றினோம். அடுத்த சாயத்துக்குப் பின் செவ்வாய் வந்தது, வியாழனும் வந்தது, முகத்தில் ஒன்றும் இல்லை. விரல்கள் ஆறு வாரத்தில் மூடிக்கொண்டன.

ஆனால் காதுக்குப் பின்னால் லேசான அரிப்பு மட்டும் போகவில்லை. அப்போதுதான் வாசனைக் கலவையின் அந்த மெல்லிய தடிப்பு நினைவுக்கு வந்தது. அவர் தினமும் இரவு தடவும் வாசனைத் தலையெண்ணெயை, முழங்கையின் உள்பக்கத்தில் ஒரு சிறு வட்டத்தில் காலையும் மாலையும் தடவிவரச் சொன்னேன். ஐந்தாம் நாள் அந்த வட்டம் சிவந்து அரித்தது. வாசனை சேர்க்காத தேங்காயெண்ணெய்க்கு மாறினார், காதும் தெளிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. சாயக் கிரீமிலும் வாசனை இருந்தது, ஆனால் அது அரை மணி நேரத்தில் கழுவப்பட்டுவிடுகிறது. எண்ணெய் இரவெல்லாம் தங்குகிறது. லேசான ஒவ்வாமை உள்ளவருக்கு, பொருள் எவ்வளவு நேரம் தோலில் இருக்கிறது என்பதே பல நேரங்களில் முடிவைத் தீர்மானிக்கிறது. வலுவான ஒவ்வாமையாக இருந்திருந்தால் வாசனையில்லாத கிரீம்தான் வழி.

பேட்ச் டெஸ்ட் என்றால் என்ன செய்வார்கள்? இந்த ஊர் வியர்வையில் முடியுமா?

சந்தேகத்துக்குரிய பொருள்களை, எரிச்சல் தராத செறிவில், சின்னச் சின்னக் கிண்ணங்களில் வைத்து முதுகில் ஒட்டுவார்கள். 48 மணி நேரம் கழித்துப் பிரித்து முதல் முறை பார்ப்பார்கள். நான்காம் நாள் மறுபடி பார்க்க வேண்டும். சில பொருள்கள் ஏழாம் நாள் வரைகூடத் தாமதிக்கும். ஊசி குத்தும் சோதனையும் ரத்தப் பரிசோதனையும் வேறு வகை ஒவ்வாமைக்கானவை, இதற்கு உதவா.

முதல் 48 மணி நேரம் முதுகு நனையக்கூடாது, வியர்க்கவும் கூடாது. மழைக்காலத்தில் தாதரில் ரயில் ஏறி நெரிசலில் நின்று போகிறவரின் முதுகில் எந்தப் பட்டையும் நிற்காது. முடிந்தால் டிசம்பர், ஜனவரியில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இரண்டு நாள் விடுப்பு எடுங்கள். முதுகில் ஸ்டீராய்டு களிம்பு தடவுவதை ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், அது உண்மையான ஒவ்வாமையையும் அடக்கிக் காட்டும். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடவும் வேண்டாம்.

மருத்துவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “மெத்தில்ஐசோதையசோலினோனைத் தனியாக வைக்கிறீர்களா?” அதையும் அதன் குளோரின் சேர்ந்த இணைப் பொருளையும் கலந்து, மிகக் குறைந்த செறிவில் வைப்பது பழைய வழக்கம். அந்தக் கலவை சிலரைத் தவறவிட்டுவிடும். சல்பைட்டையும் கேட்டு வைக்கச் சொல்லலாம். பெரிய அரசு, மாநகராட்சி மருத்துவமனைகளின் தோல் பிரிவில் விசாரித்துப் பாருங்கள்.

பெட்டியில் சொல்லியிருக்கும் 48 மணி நேரச் சோதனையைச் செய்தேன், ஒன்றும் வரவில்லை. பிறகும் ஏன் தடித்தது?

அந்தச் சோதனையில் நீங்கள் காதுக்குப் பின்னால் தடவியது நிறக் கிரீமைத்தான். கண்டிஷனரை யாரும் தடவிப் பார்ப்பதில்லை. மேலும் சிலருக்கு எதிர்வினை மூன்றாம், நான்காம் நாள்தான் வரும். 48 மணி நேரத்தில் பார்த்துவிட்டு நல்லது என்று முடிவெடுத்தால் அவர்களுக்கு அது பொய்த்துவிடும். சோதனையை விட்டுவிடாதீர்கள், ஆனால் நான்கு நாள் காத்திருங்கள்.

ஒரு முறை வீங்கியவர்கள் இந்தச் சோதனையையும் வீட்டில் செய்ய வேண்டாம். எண்ணெய் போன்று தோலில் தங்கும் பொருள்களை முழங்கையில் தடவிப் பார்ப்பது வேறு. சாயத்தையோ ஷாம்புவையோ தடவி மேலே பிளாஸ்திரி போட்டு மூடினால் ஒவ்வாமை இல்லாதவருக்கும் புண்ணாகும்.

பட்டியலில் எதைத் தேட வேண்டும்?

கடைசி இரண்டு வரிகளை. ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ள பொருள்களை அளவின் இறங்கு வரிசையிலும், அதற்குக் கீழ் உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம் என்பது விதி. பதனப் பொருள்கள் எப்போதும் அந்தக் கடைசிக் கூட்டத்தில்தான் இருக்கும். ‘தையசோலினோன்’ என்று முடியும் எந்தப் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். ஃபார்மால்டிஹைடைச் சிறிது சிறிதாக வெளியிடும் வகை ஒன்றும் உண்டு. அந்தப் பெயர்களில் ஃபார்மால்டிஹைட் என்ற சொல்லே இருக்காது: டிஎம்டிஎம் ஹைடான்டாயின், இமிடசோலிடினைல் யூரியா, டயசோலிடினைல் யூரியா, குவாட்டெர்னியம்-15.

வாசனை மட்டும் ‘பர்ஃப்யூம்’ அல்லது ‘ஃபிராக்ரன்ஸ்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கும். அதற்குள் பல பத்துப் பொருள்கள் இருக்கலாம். கிராம்பு மணத்தின் யூஜினால், பட்டை மணத்தின் சின்னமால், ரோஜா மணத்தின் ஜெரானியால் ஆகியவை சோதனைக் கலவையில் வைக்கப்படுபவை. லினலூல், லிமோனீன் இரண்டும் புதிதாக இருக்கும்போது அவ்வளவு தொந்தரவு தருவதில்லை. காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்த பிறகே வலுவான ஒவ்வாமைப் பொருள்களாகின்றன. வெக்கையான குளியலறையில் மூடி தளர்ந்து ஆறு மாதம் நிற்கும் வாசனை எண்ணெயை எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் இதுதான்.

‘மணமற்றது’ என்ற சொல்லையும் முழுதாக நம்பாதீர்கள். மூலப்பொருளின் நெடியை மறைக்கச் சிறிது வாசனை சேர்த்தும் அப்படி எழுதுவதுண்டு. ‘வாசனை சேர்க்கப்படவில்லை’ என்று இருந்தாலும் பட்டியலைப் படித்தே முடிவெடுங்கள்.

பாராபென் இல்லாதது பாதுகாப்பானதா?

பாராபென் தோல் ஒவ்வாமை தருவது மிகவும் அரிது. அதே அமெரிக்கச் சங்கம் 2019-இல் அதை ‘ஒவ்வாமை தராத பொருள்’ என்றே தனியாக அறிவித்தது. பாராபென்னை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதைப் போட்டார்கள் என்று பாருங்கள்.

மூலிகைச் சாயத்துக்கு மாறிவிட்டால் பிரச்சினை தீருமா?

நீர் இருக்கும் இடத்தில்தான் கிருமி வளரும், பதனப் பொருளும் அங்கேதான் தேவைப்படும். உலர்ந்த பொடியாக வருவதற்கு அது அவசியமில்லை. குழைத்துத் தயாராக வரும் மூலிகைக் கிரீமுக்கு அவசியம். எனவே பதனப் பொருள் ஒவ்வாமை உள்ளவருக்குப் பொடி ஒரு வழிதான், ஆனால் இரண்டு நிபந்தனைகளோடு. கறுப்பாக்கும் ‘மருதாணிப் பொடி’களில் பி.பி.டி. கலந்திருப்பது சர்வசாதாரணம். தூய மருதாணி செம்மண் நிறம்தான் தரும், கறுப்பைத் தராது. அடுத்து, குழைக்கும்போது வீட்டில் கிராம்புத் தைலமோ நீலகிரித் தைலமோ சேர்க்கும் பழக்கம். வாசனை ஒவ்வாமை உள்ளவர் வாசலில் விரட்டியதைக் கொல்லை வழியாக உள்ளே அழைத்துக்கொள்கிறார்.

இப்போதே வீங்கியிருக்கிறது. வீட்டில் என்ன செய்யலாம்?

மீதமிருக்கும் சாயத்தை வெதுவெதுப்பான நீரில் நன்றாக அலசிவிடுங்கள். ஷாம்பு போட்டாக வேண்டும் என்றால், பட்டியல் படித்துத் தேறிய, வாசனை சேர்க்காத ஒன்றை மிகக் குறைவாக. தைலம், மஞ்சள், வேப்பிலை அரைத்த விழுது, நுங்கு எதுவும் புண்ணான தோலில் வேண்டாம். ஈரத் துணி ஒத்தடம் போதும். கண் மூடுமளவு வீங்கினாலோ நீர் கசிந்தாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள். ஸ்டீராய்டு களிம்போ சில நாள் மாத்திரையோ தேவைப்படும், அதன் வலிமையையும் நாள்களையும் அவர் தீர்மானிக்கட்டும். பயன்படுத்திய பெட்டியையும் பாக்கெட்டையும் எறியாமல் ஒரு கவரில் போட்டு வையுங்கள். காலி பாக்கெட்டுகூட எனக்குப் பயன்படும்.

பார்லரில் போட்டுக்கொள்கிறேன். அவர்களிடம் என்ன சொல்வது?

“எனக்கு ஒவ்வாமை இருக்கிறது” என்று மட்டும் சொன்னால், அம்மோனியா இல்லாத கிரீமை எடுத்து வைத்துவிட்டுத் தம் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொள்வார்கள். உங்களுக்குச் சேராத பொருளின் பெயரை, பட்டியலில் உள்ளபடியே ஒரு சிறு அட்டையில் எழுதிக் கைப்பையில் வைத்திருங்கள். சாயம் மட்டுமல்ல, அலசும் தொட்டியருகே நிற்கும் ஷாம்புவையும் கண்டிஷனரையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். பெரிய கேனிலிருந்து பெயரில்லாத பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தால் படிக்க ஒன்றும் இருக்காது. என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது: நிறத்தை அவர்கள் பூசட்டும், அலசுவதற்கான ஷாம்புவை வீட்டிலிருந்து நீங்களே கொண்டுபோங்கள்.